விலகும் ஊழியரும் சங்கத்துப் பாக்கியும்

சங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் விலகல் கடிதம் கொடுத்ததும் அவர் பெயரில் என்ன பாக்கி என்று அலுவலகத்தில் தேடத் தொடங்குவார்கள். பண்டிகை முன்பணத்தில் சில தவணைகள் நின்றிருக்கும். பழைய பட்டியலைப் புரட்டும்போது, சில மாதங்கள் தவறுதலாகக் கூடுதல் சம்பளம் கொடுக்கப்பட்டிருப்பதும் தெரிய வரலாம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, கடைசியாகக் கொடுக்க வேண்டிய தொகையில் முழுவதையும் பிடித்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. ஆனால் இவ்விரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல. முன்பணம் என்பது தெரிந்தே கொடுத்தது; திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டு வாங்கியது. கூடுதல் சம்பளமோ சங்கத்தின் கணக்குப் பிழையால் அவர் கைக்குப் போனது. அதைத் தம் உழைப்பின் கூலி என்று நம்பி அவர் செலவழித்திருப்பார். முன்னதைக் கேட்பதற்குப் பத்திரம் இருக்கிறது. பின்னதைக் கேட்பதற்கு நியாயம் மட்டுமே இருக்கிறது. இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால்தான் மேற்கொண்டு செய்ய வேண்டியவை விளங்கும்.

வடமதுரைப் பக்கத்தில் ஒரு சங்கம் இருப்பதாகவும், அதில் எட்டு ஆண்டுகள் பணியாற்றிய எழுத்தர் ஒருவர் விலகுவதாகவும் வைத்துக்கொள்வோம். இது கற்பனைச் சங்கம். கணக்கு மட்டும் எங்கும் நிகழக்கூடியது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து அவருக்கு மாதம் 19,500 ரூபாய். ஆண்டுதோறும் ஜூலையில் 500 ரூபாய் உயர்வு. சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். அந்தச் சங்கத்தின் பணி விதிப்படி, அதனால் உயர்வு ஆறு மாதம் தள்ளி ஜனவரியில்தான் வர வேண்டும். விடுப்புப் பதிவேட்டில் விடுப்பு எழுதப்பட்டது. பணிப்பதிவேட்டில் உயர்வுத் தேதி மாற்றப்படவில்லை. பட்டியல் எழுதியவர் வழக்கம்போல ஜூலையிலேயே உயர்வைச் சேர்த்தார். இப்படி மூன்று ஆண்டுகள் ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் 500 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. பதினெட்டு மாதத்திற்கு 9,000 ரூபாய்.

இத்தகைய பிழை சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்தால் அகப்படாது. கூட்டல் சரியாகவே இருக்கும். விடுப்புப் பதிவேட்டையும் பணிப்பதிவேட்டையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் உயர்வுக்கும் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் சம்பளமில்லா விடுப்பு உண்டா என்று பார்த்தால் உடனே புலப்படும். ஆண்டுக்கு ஒருமுறை உயர்வு கொடுக்கும் மாதத்தில் இதைச் செய்திருந்தால் பிழை முதல் மாதத்திலேயே நின்றிருக்கும்.

9,000 ரூபாயும் அவர் கைக்குப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இச்சங்கத்தில் சம்பளம் முழுவதற்கும் வருங்கால வைப்பு நிதிச் சந்தா பிடிக்கும் வழக்கம் உண்டு. நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 1,080 ரூபாய் அவருடைய நிதிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. கையில் வந்தது 7,920 ரூபாய். கணக்குத் தாளில் இதைப் பிரித்துக் காட்டாமல் "9,000 கட்டு" என்று மட்டும் எழுதினால், நான் வாங்காத பணத்தைக் கேட்கிறார்கள் என்று அவர் சொல்வார். அதில் பாதி உண்மையும் இருக்கும்.

இனிக் கடைசிச் சம்பளம். அவர் மாதத்தின் 15ஆம் நாள் விலகுகிறார். நாளொன்றுக்கு 650 வீதம் 9,750 ரூபாய் சம்பளம். பண்டிகை முன்பணம் 10,000 வாங்கியதில் ஆறு தவணை கழிந்து 4,000 நிற்கிறது. முன்பணத்தையும், தவறாகக் கூடுதலாகக் கொடுத்ததையும் சம்பளத்தில் கழிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இது இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் ஓர் எல்லை உண்டு. எல்லாக் கழிவும் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது. பழைய சட்டத்தில், கழிவில் கூட்டுறவுச் சங்கத்துக்குரியதும் இருந்தால் முக்கால் பங்கு வரை பிடிக்கலாம் என்று இருந்தது. அந்த நினைவிலேயே இன்றும் முக்கால் பங்கு பிடிக்கும் அலுவலகங்கள் உள்ளன. புதிய தொகுப்பில் அந்தச் சலுகை இல்லை.

ஆகவே 9,750இல் கழிக்கக்கூடியது 4,875. இதில் நிதிச் சந்தா 1,170 முதலில் போகிறது. மீதி 3,705 முழுவதையும் முன்பணத்திற்கு வரவு வைத்தாலும் 295 ரூபாய் நிற்கும். கூடுதல் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க இடமில்லை. கடைசிச் சம்பளத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டுகிறது. மேலும், விலகியவருக்குரிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டம். நிலுவையில்லாச் சான்று வரட்டும் என்று மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க உரிமை இல்லை. எனவே விலகல் கடிதம் வந்த நாளிலேயே பேரேடுகளை எடுக்க வேண்டும். அறிவிப்புக் காலமாகிய ஒரு மாதமே அதற்குக் கிடைக்கும் அவகாசம். அந்த மாதத்து முழுச் சம்பளத்திலும் ஒரு தவணை கழிக்கலாம்.

அடுத்து எல்லோர் கண்ணும் பணிக்கொடையின் மேல் போகும். எட்டு ஆண்டுகளுக்கு அவருக்குரியது 90,000 ரூபாய்: மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கியது. இவ்வளவு பெரிய தொகை கையில் இருக்கும்போது 9,295 ரூபாய்க்காக ஏன் அலைய வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் யாரேனும் கேட்பது இயல்பே. ஆனால் பணிக்கொடையைக் குறைக்கச் சட்டம் அனுமதிப்பது மிகச் சில நிலைகளில்தான். சங்கத்தின் சொத்துக்கு நட்டம் விளைவித்ததற்காகவோ, வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகவோ வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு அது பொருந்தும். தாமாக விலகியவருக்குப் பொருந்தாது. பட்டியல் எழுதியவர் செய்த பிழையை, பணம் வாங்கியவர் விளைவித்த நட்டம் என்று சொல்லவும் முடியாது. பணிக்கொடையை முப்பது நாளுக்குள் முழுமையாகக் கொடுத்துவிட்டு, அவர் தர வேண்டியதை அவர் கையால் தனியே கட்டச் செய்து ரசீது கொடுப்பதே முறை. வருங்கால வைப்பு நிதியிலும் சங்கம் கை வைக்க முடியாது.

விடுப்புச் சம்பளம் ஒன்று இருக்கிறது. அவருக்கு 24 நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் என்றால் 15,600 ரூபாய். "இதில் 9,295 ரூபாயைச் சரிக்கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று கணக்குத் தாளைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்தால் சரிக்கட்டிவிட்டு 6,305 ரூபாயைக் கொடுக்கலாம். சம்மதம் இல்லாமல் கழிப்பது வழக்கை வீட்டுக்கு அழைப்பதாகும்.

சம்மதிக்க மறுத்தால் என்ன? முன்பணத்தைப் பொறுத்தவரை சங்கத்தின் நிலை வலுவானது; கூடுதல் சம்பளத்தில் அப்படியல்ல. 2012இல் உத்தராகண்ட் ஆசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறாகப் போன பொதுப்பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற பக்கம் நின்றது. 2014 டிசம்பர் 18இல் பஞ்சாப் அரசுக்கும் ரஃபிக் மசீ என்பாருக்கும் இடையிலான வழக்கில், வசூல் கூடாத நிலைகளை அதே நீதிமன்றம் வகுத்துச் சொல்லிற்று. கீழ்நிலை ஊழியர்களாகிய மூன்றாம், நான்காம் பிரிவினரிடமும், ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும், ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கூடுதல் கொடுத்து வந்த பின்பும் வசூலிக்கலாகாது. வேறெந்த வழக்கிலும் வசூல் கொடுமையாக முடியுமானால் அதுவும் கூடாது. 2022 மே மாதத்தில், கேரளத்து ஆசிரியர் ஒருவரிடம் கேட்ட தொகையையும் அது தள்ளுபடி செய்தது. அவர் பொய் சொல்லியோ மறைத்தோ அப்பணத்தைப் பெறவில்லை என்பதே முக்கியக் காரணம்.

இத்தீர்ப்புகள் அரசுப் பணியில் எழுந்தவை. சங்கத்து எழுத்தருக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அவர் வழக்காடினால் முதலில் எடுத்து வைப்பது ரஃபிக் மசீ தீர்ப்பாகவே இருக்கும். எழுத்தர் பதவி அத்தீர்ப்பு காக்கும் வகையைச் சேர்ந்தது. என் கருத்தில், 9,000 ரூபாய்க்கு அந்த வழக்கு சங்கத்துக்கு ஆதாயமல்ல. கணக்குத் தாளுடன் அறிவிப்புக் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, தவணையாகக் கட்ட இணங்கச் செய்வதே தக்கது. அவர் தாமே வருகைப் பதிவைத் திருத்தியோ பொய்ச் சான்று கொடுத்தோ பெற்றிருந்தால் செய்தி வேறு. அப்போது மேற்சொன்ன பாதுகாப்பு எதுவும் அவருக்குக் கிட்டாது.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய ஏற்பாடு ஒன்றுண்டு. சம்பள நிர்ணயம் செய்யும்போதெல்லாம், கூடுதலாகப் பெற்றது பின்னர் தெரிந்தால் திருப்பித் தருவேன் என்று ஓர் உறுதிமொழி வாங்கி வைப்பது. 2016இல் பஞ்சாப்-அரியானா நீதித்துறை அலுவலர் ஒருவர் வழக்கில், அப்படி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இரண்டு ஆண்டுகளில் தவணையாகப் பெற அனுமதித்தது.

பணம் வாங்கியவரிடம் பெற முடியாவிட்டால் தணிக்கையாளர் அடுத்துப் பார்ப்பது பட்டியலில் கையெழுத்திட்டவரை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு, விதிகளுக்கு மாறாகப் பணம் கொடுத்தவர்மேல் தண்டத்தீர்வை விதிக்க இடம் தருகிறது. ஏழு ஆண்டுகளுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். அவருக்கு விளக்கம் சொல்லும் வாய்ப்பும் தர வேண்டும். ஆதலால் பிழை தெரிந்த நாளில் காரியதரிசி அதைக் கோப்பில் எழுதி நிர்வாகக் குழுவின் முன் வைப்பது அவருடைய பாதுகாப்பிற்கே வேண்டியது. தெரிந்த பின்னும் பேசாமல் இருந்தால் அறியாப் பிழை என்று சொல்லும் வாய்ப்பு போய்விடும்.

எழுத்தருக்குப் பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் 38,000 ரூபாய் கடனும் இருக்கலாம். அது நம் சங்கத்துப் பாக்கி அன்று, வேறொரு சங்கத்துக்குரியது. சம்பளத்தில் பிடித்து அனுப்ப அவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தின்படி நாம் இடையில் நிற்கிறோம். அந்தத் தவணையும் மேற்சொன்ன பாதி எல்லைக்குள்தான் வர வேண்டும். சம்பளம் நின்றதும் நம் பொறுப்பும் நின்றுவிடும். கடன் அவரையும் ஜாமீன் போட்டவர்களையும் சாரும். அந்த ஜாமீன்தார்கள் பெரும்பாலும் நம் அலுவலகத்திலேயே பக்கத்து மேசையில் இருப்பவர்கள். விலகல் கடிதம் வந்த அன்றே சிக்கன சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டால், அவர்கள் கடனாளியிடம் பேசித் தவணையை நேரில் கட்ட ஏற்பாடு செய்யலாம். அல்லது அவருடைய பங்குத் தொகையையும் சிக்கன வைப்பையும் கடனில் சரிக்கட்டி மீதியைக் குறைக்கலாம். கடிதம் ஒரு மாதம் தாமதித்தால், முதல் செய்தி ஜாமீன்தாரின் சம்பளப் பிடித்தமாக வந்து சேரும்.