ஒரே நூல், மூன்று வரி

பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, அட்டை கட்டித் தரும் கடை என்னுடையது. எந்த ஆய்வேட்டிலும் கடைசியாக வந்து சேர்வது துணைநூற்பட்டியல். நெறியாளரின் கண் முதலில் போவதும் அங்கேதான். போன மாதம் சோழர் வரலாற்றில் ஆய்வு செய்யும் ஒரு பெண் 214 நூற்குறிப்புகளோடு வந்தார். "அண்ணே, ஒவ்வொரு இயலுக்கும் தனித்தனியா எழுதினதை ஒண்ணா ஒட்டியிருக்கேன். ஒரே புத்தகம் ரெண்டு மூணு தடவை வருது. கண்ணால பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு" என்றார்.

அந்தப் பட்டியலைச் சரிசெய்ய எக்செல் போதும். கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும். புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நமக்கு ஒரே நூலாகத் தெரிவது கணினிக்கு வேறு வேறு எழுத்துவரிசை. அந்த வேறுபாடுகளைக் கழித்துவிட்டு, நூலை அடையாளம் காட்டும் சிறு துண்டை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். அந்தத் துண்டை நாங்கள் சாவி என்போம்.

முதலில் பட்டியலை ஒட்ட வேண்டும். வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்தால் ஒவ்வொரு பத்தியும் ஒரு வரிசையில் போய் உட்காரும். பிடிஎஃபிலிருந்து எடுத்தால் அச்சில் வரி முறியும் இடமெல்லாம் புது வரிசை ஆகிவிடும். தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைவதும் உண்டு. ஆகவே மூலக் கோப்பையே கேட்டு வாங்கிவிடுவேன். குறிப்புகளை B பத்தியில் ஒட்டி, A பத்தியில் 1, 2, 3 என்று எண் இடுவேன். அந்த எண்களை ROW() சூத்திரத்தால் வரவழைக்கக் கூடாது. வரிசை மாறும்போது அவையும் மாறிவிடும். பழைய வரிசைக்குத் திரும்ப அந்த எண்தான் ஒரே வழி. B பத்தியில் இருப்பதைத் திருத்தவும் கூடாது. அதுதான் நம் மூலம்.

அந்தப் பட்டியலில் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ முதல் பகுதி மூன்று இடங்களில் இருந்தது.

```
சதாசிவ பண்டாரத்தார், தி.வை. (1949). பிற்காலச் சோழர் வரலாறு, பகுதி 1.
தி. வை. சதாசிவ பண்டாரத்தார் (1949) பிற்காலச்சோழர் வரலாறு - பகுதி 1
பண்டாரத்தார், சதாசிவ. (1949). பிற்காலச் சோழர் வரலாறு, பகுதி 1.
```

பலரும் செய்வது போல முழு வரியையும் COUNTIF கொண்டு எண்ணிப் பார்த்தால் மூன்றும் மூன்று நூல்கள் என்றே விடை வரும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேட வேண்டிய சொற்றொடர் 255 குறிகளைத் தாண்டினால் எக்செலின் COUNTIF #VALUE! என்று பிழை காட்டும். தமிழில் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். ‘பிற்காலச் சோழர் வரலாறு’ நம் கணக்கில் 12 எழுத்து. கணினியோ காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். LEN சூத்திரம் போட்டால், நடுவிலுள்ள இரண்டு இடைவெளிகளையும் சேர்த்து 22 என்று சொல்லும்.

அந்த மூன்று வரிகளில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பாருங்கள். ஆசிரியர் பெயர் மூன்றிலும் மூன்று விதம். முதலெழுத்தை முன்னால் போடுவோம், பின்னால் போடுவோம், சில சமயம் விட்டுவிடுவோம். ஆண்டும் நூல் தலைப்பும்தான் நிலையாக நிற்கின்றன. எனவே சாவியில் ஆசிரியர் பெயரைச் சேர்ப்பதே இல்லை. ஆண்டுக்கு முன்னால் இருக்கும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்கு அடுத்து வருவதை மட்டும் எடுக்கிறோம்.

அதற்கு முன் C பத்தியில் ஒரு சலவை. வேர்டிலும் இணையத்திலும் இருந்து வரும் உரையில், வரி முறியாமல் காக்கும் ஒருவகை இடைவெளி ஒளிந்திருக்கும். அதன் எண் 160. பார்வைக்குச் சாதாரண இடைவெளி போலவே இருந்தாலும் TRIM அதைத் தொடாது. அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிய பிறகே TRIM போட வேண்டும்.

```
=TRIM(SUBSTITUTE(B2,UNICHAR(160)," "))
```

அடுத்து D பத்தியில் சாவி.

```
=LEFT(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
MID(C2,FIND("(",C2)+1,80)," ",""),".",""),",",""),25)
```

உள்ளிருந்து வெளியே படித்தால் இது எளிது. அடைப்புக்குறிக்கு அடுத்து 80 குறிகளை எடு; இடைவெளி, புள்ளி, காற்புள்ளி மூன்றையும் நீக்கு; மிஞ்சியதில் முதல் 25 குறிகளை வைத்துக்கொள். முதல் இரண்டு வரிகளுக்கும் கிடைக்கும் சாவி ஒன்றே.

```
1949)பிற்காலச்சோழர்வரலாறு
```

‘பிற்காலச் சோழர்’ என்று பிரித்து எழுதினாலும் ‘பிற்காலச்சோழர்’ என்று சேர்த்து எழுதினாலும் இடைவெளி போய்விடுவதால் வேறுபாடில்லை. மேற்கோள்குறி போடும் பழக்கம் இருந்தால் அதற்கு இன்னொரு SUBSTITUTE சேர்க்க வேண்டும். பிறகு E பத்தியில் எண்ணிக்கை. சாவி 25 குறிகளுக்கு மேல் போகாததால் 255 என்ற எல்லை குறுக்கே வராது.

```
=IF(COUNTIF(D$2:D$215,D2)>1,"இரட்டை","")
```

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் சூத்திரத்தைக் கீழே இழுக்க இழுக்க எல்லையும் கீழே நகர்ந்து, மேலே உள்ள இரட்டைகள் கணக்கில் வராமல் போகும்.

இதெல்லாம் செய்த பிறகும் மூன்றாவது வரிக்கு ‘இரட்டை’ என்ற குறி விழவில்லை. அதன் சாவியைப் பார்த்தால் கடைசியில் ‘வரலாற’ என்று இருந்தது. றகரத்தின் உகரக் குறி வெட்டுப்பட்டிருந்தது. 25 குறிகளில் வெட்டும்போது மற்றவற்றில் நிற்கும் உகரம் இதில் மட்டும் ஏன் விழ வேண்டும்? முன்னால் எங்கோ ஒரு குறி கூடுதலாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் குறி ‘சோ’வில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறிக்கென்று தனி இடம் உண்டு. ஆனால் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக இட்டாலும் திரையில் அதே ‘சோ’தான் தெரியும். பழைய தட்டச்சு மென்பொருள்களிலிருந்தும் எழுத்துரு மாற்றிகளிலிருந்தும் வரும் உரையில் இது அடிக்கடி இருக்கும். ‘சோழர்’ என்ற சொல்லுக்கு LEN போட்டுப் பாருங்கள். ஒழுங்கான வடிவத்தில் 5, பிரிந்த வடிவத்தில் 6. சோழர் வரலாற்று ஆய்வேட்டில் பாதித் தலைப்புகளில் இந்தச் சொல் வரும் என்பதால் இதை விட்டுவிட முடியாது. C பத்தியின் சூத்திரத்தை இப்படி மாற்றினேன்.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(
TRIM(SUBSTITUTE(B2,UNICHAR(160)," ")),
UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),
UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

3014 ஒற்றைக் கொம்பு, 3015 இரட்டைக் கொம்பு, 3006 கால். கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் ஒகரத்துக்கு 3018, ஓகாரத்துக்கு 3019 என்ற ஒரே குறியாகச் சேர்த்துவிடுகிறது. அதன்பின் மூன்று வரிகளிலும் ‘இரட்டை’ என்று வந்தது.

இனி வரிசைப்படுத்துவது. உடனே ஆசிரியர் பெயரில் அடுக்க வேண்டாம். முதலில் மொத்த அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, Data பட்டியலில் Sort போய், D பத்தியின்படி அடுக்குங்கள். ஒரு பத்தியை மட்டும் அடுக்கினால் குறிப்பு ஓரிடம், எண் ஓரிடம் என்று சிதறிவிடும். சாவியின்படி அடுக்கும்போது ஒரே ஆண்டில் வந்த, ஒத்த தலைப்புள்ள நூல்கள் அடுத்தடுத்து வரும். சூத்திரத்துக்குப் பிடிபடாத எழுத்துப்பிழை அப்போது கண்ணில் படும். ‘பிற்கால சோழர்’ என்று ஒற்று விட்டு எழுதிய வரி சூத்திரத்துக்கு வேறு நூல். ஆனால் அது தன் இணைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். சாவி ஆண்டில் தொடங்காத வரிகளும் ஓரிடத்தில் குவியும். ஆண்டுக்கு முன்னால் ‘(பதி.)’ என்று பதிப்பாசிரியர் குறிப்பு இருந்தால் சாவி ‘பதி)’ என்று தொடங்கும். #VALUE! என்று வந்தால் அந்தக் குறிப்பில் அடைப்புக்குறியே இல்லை, பெரும்பாலும் ஆண்டு விடுபட்டிருக்கும். இவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

‘இரட்டை’ என்று வந்தவுடன் அழித்துவிடக் கூடாது. அந்தப் பெண்ணின் பட்டியலில் 19 வரிகளில் குறி விழுந்தது: எட்டு இணைகள், பண்டாரத்தாரின் மூன்று வரிகள். இணைகளில் ஒன்று ஒரே ஆண்டில் வெளிவந்த ஒரு நூலின் இரு பகுதிகள். பகுதி எண் 25 குறிகளுக்கு அப்பால் இருந்ததால் சாவி அதைப் பார்க்கவில்லை. பண்டாரத்தாரின் நூலும் மூன்று பகுதிகள்தான். ஆனால் அவை 1949, 1951, 1961 என்று வெவ்வேறு ஆண்டுகளில் வந்ததால் தாமே பிரிந்து நின்றன. அந்த ஓர் இணையை விட்டுவிட்டு ஒன்பது வரிகளை நீக்கினோம். பக்கத்தில் வந்து நின்றதால் கண்ணில் பட்டவை இரண்டு. 214 குறிப்புகள் 203 ஆயின.

மறுபதிப்பு விஷயம் வேறு. ஒரே நூலின் முதற்பதிப்பும் பிற்பதிப்பும் பட்டியலில் இருந்தால் ஆண்டு வேறு என்பதால் குறி விழாது. விழாததே நல்லது. பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறும். அடிக்குறிப்பில் எந்தப் பதிப்பின் பக்கம் சுட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றை நீக்கினால், பட்டியல் சுத்தமாகும், அடிக்குறிப்பு பொய்யாகும்.

கடைசியாகத்தான் ஆசிரியர் பெயரில் அடுக்குவது. தலைப்பெழுத்தில் தொடங்கும் பெயர்களை முன்கூட்டியே திருப்பிப் போடாவிட்டால் ‘தி. வை.’ தகர வரிசைக்குப் போய்விடும். அகரவரிசையையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காலி இடத்தில் ‘கமலா’, ‘கனகசபை’ என்ற இரண்டு பெயர்களை எழுதி அடுக்குங்கள். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய், ஆகவே கமலா முன்னால் வர வேண்டும். கனகசபை முன்னால் வந்தால், உங்கள் மென்பொருள் நெடுங்கணக்கை விட்டு யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்குகிறது. அதில் னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடும், ழகரம் வகரத்துக்கு முன்னால் வரும். இருநூறு பெயர்களில் இப்படி இடம் மாறுபவை சிலவே. அவற்றைக் கையால் நகர்த்திவிடலாம்.

நீக்கிய பதினொரு வரிகளையும் தனித்தாளில் அச்செடுத்து, A பத்தியின் எண்ணோடு அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எந்த இயலிலிருந்து எந்த வரி போனது என்று அவர் அடிக்குறிப்புகளோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக டிக் போட்டார். அதற்குப் பிறகுதான் பட்டியலை ஆய்வேட்டில் சேர்த்தோம்.