பின்னங்களை ஒன்றாக்கும் அசமன்பாடு

பின்னங்களைக் கூட்டும்போது தொகுதியைத் தனியாகவும் பகுதியைத் தனியாகவும் கூட்டக் கூடாது என்பது பள்ளிப் பாடம். அப்படிக் கூட்டுவதையே பயனுள்ள கருவியாக்கும் அசமன்பாடு ஒன்று உண்டு. x, y மிகை எண்களாக இருந்தால்,

a²/x + b²/y ≥ (a+b)²/(x+y)

1821-இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி வெளியிட்ட அசமன்பாட்டின் பின்ன வடிவம் இது. ஒலிம்பியாட் மாணவர்கள் இதை 'டிட்டு துணைத்தேற்றம்' என்பார்கள். ருமேனியாவில் பிறந்து, அமெரிக்க மாணவர்களுக்குப் பயிற்சியளித்த டிட்டு ஆண்ட்ரீஸ்குவின் பெயர் அது. ஆர்மீனியக் கணிதர் நைரி செத்ராக்கியானின் பெயராலும் வழங்குகிறது.

நிறுவுவதற்கு ஒரே வரி போதும். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்தால் (ay−bx)²/(xy(x+y)) மிஞ்சும். மேலே இருப்பது வர்க்கம், கீழே இருப்பது மிகை எண். ஆகவே இது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. a/x, b/y இரண்டும் சமமாகும்போது மட்டுமே பூஜ்யமாகும். மூன்றாவது பின்னம் வந்தால் இதே படியை மீண்டும் செய்ய வேண்டியதுதான்.

இதன் வேலையை நெஸ்பிட் அசமன்பாட்டில் பார்க்கலாம். a, b, c மிகை எண்கள் என்றால்

a/(b+c) + b/(c+a) + c/(a+b) ≥ 3/2

என்று நிறுவ வேண்டும். தொகுதியில் வர்க்கம் இல்லை. a என்பதை √a-வின் வர்க்கமாகக் கொள்ளலாமே என்று தோன்றும். கொண்டால் கிடைக்கும் கீழ் எல்லை (√a+√b+√c)²/(2(a+b+c)). a=4, b=c=1 என்று போட்டால் இது 16/12, அதாவது சுமார் 1.33. தேவையான 1.5-ஐ எட்டவில்லை. அசமன்பாடு பொய்யாகிவிடவில்லை, கிடைத்த எல்லைதான் பலவீனமானது.

மாற்று வழி, ஒவ்வொரு பின்னத்தையும் மேலும் கீழும் அதன் தொகுதியாலேயே பெருக்குவது. a/(b+c) என்பது a²/(ab+ac) ஆகும். இப்போது மூன்றையும் சேர்த்தால் எல்லை (a+b+c)²/(2(ab+bc+ca)). (a+b+c)² எப்போதும் 3(ab+bc+ca)-க்குக் குறையாது என்பதால் 3/2 வந்துவிடுகிறது. அதே 4, 1, 1-க்கு இந்த எல்லை 2. உண்மையான கூட்டுத்தொகை 2.4.

பகுதிகள் மிகை எண்கள்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். a=b=1, x=2, y=−1 எனில் இடப்பக்கம் −1/2, வலப்பக்கம் 4; அசமன்பாடு பொய்த்துவிடும். இன்னொன்று, இது கீழ் எல்லையை மட்டுமே தரும். கூட்டுத்தொகை எவ்வளவுக்கு மேல் போகாது என்ற கேள்விக்கு இதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது.

1995 சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் இரண்டாம் கணக்கை வாசகர்கள் முயன்று பார்க்கலாம்: மிகை எண்கள் a, b, c-யின் பெருக்கற்பலன் 1 எனில், 1/(a³(b+c)) போன்ற மூன்று பின்னங்களின் கூட்டுத்தொகை 3/2-க்குக் குறையாது என்று நிறுவுக. தொகுதியில் (1/a)² வருமாறு எழுதித் தொடங்குங்கள்.