வாட்ஸ்அப்பில் வீடியோவை 'டாக்குமெண்ட்'டாக அனுப்பினால் தரம் குறையாதது ஏன்? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன?

அக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சியை தம்பி தன் போனில் எடுத்திருக்கிறார். மேடைக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததால், வீடியோகிராபரிடம் இல்லாத ஆங்கிள் அது. வாட்ஸ்அப்பில் எடிட்டருக்கு அனுப்பிவைக்க, உடனே பதில் வருகிறது: "இது யூஸ் ஆகாது ப்ரோ, டாக்குமெண்டா அனுப்புங்க."

வீடியோ அதேதான். அனுப்பும் வழியை மாற்றினால் மட்டும் என்ன மாறிவிடும்?

சுருக்குவது யார்?

வாட்ஸ்அப் சர்வர்தான் வீடியோவைச் சுருக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சாத்தியமில்லை. எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருப்பதால், சர்வருக்குப் போவது பூட்டிய பெட்டி மாதிரி. உள்ளே இருப்பதை அதனால் பார்க்கவே முடியாது. எனவே சுருக்கும் வேலை முழுக்க அனுப்புபவரின் போனிலேயே, பூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கேலரி வழியாக வீடியோவைத் தேர்ந்தெடுத்தால், ஆப் அதை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து, சிறிய அளவில் மீண்டும் என்கோட் செய்கிறது. கேமரா ஏற்கெனவே ஒருமுறை சுருக்கிய வீடியோ இது. இரண்டாவது முறை சுருக்கும்போது, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு நுணுக்கமான விவரங்கள் தூக்கியெறியப்படுகின்றன. வேகமாக மாறும் காட்சிகள்தான் முதலில் அடிவாங்கும். அட்சதை தூவும் நொடியில், பறக்கும் அரிசி மணிகள் எல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கிப்போவது இதனால்தான். 'எச்டி' ஆப்ஷன் கொடுத்தால் சேதம் குறையும். ஆனால் அதுவும் ஒரிஜினல் இல்லை.

டாக்குமெண்டாக அனுப்பும்போது ஆப் வீடியோவைப் பிரிப்பதே இல்லை. பிடிஎஃப் ஃபைலை எப்படி அனுப்புமோ, அப்படியே பூட்டி அனுப்பிவிடுகிறது.

எப்படி அனுப்புவது?

சாட்டில் அட்டாச் ஐகானைத் தொட்டு 'டாக்குமெண்ட்' போய், வீடியோ ஃபைலைத் தேர்வு செய்தால் போதும். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை இருக்கலாம். சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க, எடிட்டரிடம் ஃபைல் சைஸைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றால் ஒரிஜினல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு விஷயம்: போன தரத்தை இந்த வழி திருப்பித் தராது. யாரோ வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோவை டாக்குமெண்டாக அனுப்பினாலும், அதே மங்கல் வீடியோதான் போகும். கேமராவில் எடுத்த ஃபைலே வேண்டும்.

என்ன விலை?

முதல் செலவு டேட்டாவும் நேரமும். தம்பி எடுத்தது 1080p-யில் 2 நிமிட வீடியோ என்று வைத்துக்கொள்வோம். போன் கேமரா நொடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஃபைல் சுமார் 255 எம்பி வரும். அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால், அனுப்பவே கிட்டத்தட்ட 7 நிமிடம் ஆகும்.

எடிட்டர் ஒருவருக்கு என்றால் பரவாயில்லை. இதையே 40 பேர் இருக்கும் ஃபேமிலி குரூப்பில் போட்டால்? எல்லோரும் டவுன்லோட் செய்தால் மொத்தம் சுமார் 10 ஜிபி போகும். தினம் 1.5 ஜிபி பேக்கில் இருக்கும் சித்திக்கு, இந்த ஒரு வீடியோவிலேயே ஆறில் ஒரு பங்கு காலி. ஸ்டோரேஜும் அதே அளவு நிரம்பும்.

அடுத்தது பார்க்கும் வசதி. சாதாரண வீடியோவை டவுன்லோட் முடிவதற்குள்ளேயே பார்க்க ஆரம்பிக்கலாம். டாக்குமெண்டை முழுசாக இறக்கிய பிறகுதான் திறக்க முடியும். சுருக்கும்போது ஆப் வீடியோவை எல்லா போனிலும் ஓடும் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடும். டாக்குமெண்டில் அந்த உதவியும் இல்லை. புது போனில் எச்இவிசி ஃபார்மேட்டில் எடுத்தது, பழைய போனிலோ லேப்டாப்பிலோ சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போகலாம்.

மூன்றாவதை நிறைய பேர் கவனிப்பதில்லை. கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஒரிஜினல் போகும்போது அந்தத் தகவலும் கூடவே போக வாய்ப்புண்டு. மண்டபத்தில் எடுத்தது என்றால் பெரிய பிரச்னை இல்லை. வீட்டில் எடுத்த வீடியோவை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும்போது யோசிக்க வேண்டும். அனுப்பும் முன் கேலரியில் அந்த வீடியோவின் 'டீட்டெயில்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். மேப் தெரிந்தால் லொகேஷன் உள்ளே இருக்கிறது.

ஆக, எடிட் செய்ய, பிரிண்ட் எடுக்க, ஆதாரமாக வைக்க என்றால் டாக்குமெண்ட். குரூப்பில் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டு ஹார்ட் போட என்றால், சாதாரண வீடியோவே போதும்.