பெயர் ஓடுகிறது, படிக்க முடிகிறதா?

நண்பர்கள் எடுத்த 12 நிமிடக் குறும்படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்திருந்தேன். திரையிடலில் என் பக்கத்தில் ஒப்பனை உதவியாளரும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடின. "உன் பேரு வந்துச்சாம்மா?" என்று அம்மா கேட்பதற்குள் திரை இருட்டாகிவிட்டது.

வரிசையில் தவறில்லை. தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் பொதுவாக முக்கிய நடிகர்கள் முதலில் வருவார்கள். நடிகர் வரிசையின் முடிவில் 'மற்றும்' என்று தனியாக வரும் பெயரைக் குறைவாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது மூத்த நடிகருக்குத் தரும் மரியாதை. பிறகு தொழில்நுட்பக் கலைஞர்கள், தயாரிப்பாளர். இயக்குநர் பெயர் கடைசி அட்டை.

உதவியாளர்களுக்குப் படத்தின் முடிவில்தான் இடம். அங்கே நடிகர்கள் பாத்திரப் பெயரோடு வருவார்கள். அடுத்து ஒவ்வொரு பிரிவிலும் தலைவர் மேலே, உதவியாளர்கள் கீழே. நன்றி கடைசியில். யார் பெரியவர் என்ற மனத்தாங்கல் வராமலிருக்க, நடிகர்களைத் 'தோன்றும் வரிசையில்' என்று குறிப்பிட்டே போடலாம்.

எங்கள் சிக்கல் வேகத்தில் இருந்தது. மறுநாள் படத்தொகுப்பாளரோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 60 வரிகள். ஒரு வரிக்கு 60 பிக்சல் உயரம். திரையின் உயரம் 1080. முதல் வரி கீழே நுழைவதிலிருந்து கடைசி வரி மேலே மறையும்வரை 4680 பிக்சல் நகர வேண்டும். முடிவுப் பாடல் 24 நொடிதான் என்பதால், அதற்குள் அடக்க பிரேமுக்கு 8 பிக்சல் நகர்த்தியிருந்தார். நொடிக்கு 25 பிரேம் என்றால், நொடிக்கு மூன்று வரிக்கு மேல் புதிதாக வருகின்றன. வானொலியில் வேகமாகப் பேசிப் பழகிய என்னாலேயே அதை வாசிக்க முடியவில்லை!

பிரேமுக்கு 3 பிக்சலாகக் குறைத்தோம். இப்போது ஒரு வரி 14 நொடிக்கு மேல் திரையில் நிற்கும். இடையில் 2.5 வைத்துப் பார்த்தபோது எழுத்துகள் நடுங்கின, புள்ளிகள் மங்கின. முழு எண்ணாக வைத்ததும் சரியானது.

ஆனால் மொத்த நேரம் 62 நொடியாகிவிட்டது. பெயர் எதையும் வெட்ட யாருக்கும் மனமில்லை. 30 வரி நீண்ட நன்றிப் பட்டியலை மூன்று பத்திகளாக்கிப் பத்து வரியில் அடக்கினோம். 46 நொடிக்கு வந்தது. பாடலில் இன்னொரு சரணம் சேர்த்து அதை நிரப்பினோம்.

இரண்டாவது திரையிடலில் மகள் பெயர் கீழே தெரிந்ததும் அந்த அம்மா கைப்பையைத் திறந்து கைத்தொலைபேசியை எடுத்தார். படம் பிடிக்கும்போது பெயர் திரையின் நடுவில்தான் இருந்தது.