பத்து நிமிடம் நெட்வொர்க் இருக்காது

"சனிக்கிழமை இரவு 10 முதல் 12 மணி வரை நெட்வொர்க் பராமரிப்பு, இடையில் இருமுறை இணைப்பு துண்டிக்கப்படலாம்" என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை வருகிறது. பல நேரங்களில் இது ஸ்விட்ச் கருவிகளின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை. புதிய மென்பொருளை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடலாம். ஆனால் அது இயங்க, ஸ்விட்ச் ஒருமுறை அணைந்து எழ வேண்டும். அந்தச் சில நிமிடங்கள்தான் துண்டிப்பு.

மேசைத் தொலைபேசிக்கும் வைஃபை கருவிக்கும் பெரும்பாலும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் வருகிறது. ஸ்விட்ச் எழுந்த பிறகும் அவை உயிர்பெற இன்னும் சிறிது நேரம் பிடிக்கும். சுற்றறிக்கையில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. இரவுக் காவலாளி அவசரத்துக்கு ரிசீவரை எடுத்தால் டயல் டோனே இருக்காது.

பத்து மணிக்கு முன்பே கோப்புகளைச் சேமித்து மூடுங்கள். கைபேசியை அருகில் வைத்திருங்கள்.