மூவரில் இருவர் சொன்னால் சரியாகிவிடுமா?

சமூக ஊடகங்களில் வரும் சாதி இழிவுப் பேச்சை இயந்திரம் அடையாளம் காண வேண்டுமானால், முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான பின்னூட்டங்களைப் படித்து முத்திரையிட வேண்டும். தமிழ் யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டிய 'திராவிடியன் கோட்மிக்ஸ்' தரவுத்தொகுப்பில் ஒவ்வொரு பின்னூட்டத்தையும் குறைந்தது மூவர் படித்தனர். இழிவு தனிநபரைக் குறிக்கிறதா, குழுவைக் குறிக்கிறதா என்றும் அதில் பிரித்தனர். இத்தகைய பணியில் மூவரிடையே வேறுபாடு எழுந்தால் பெரும்பான்மையே முடிவாவது வழக்கம். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். "காலனிப் பசங்களுக்கு எதுக்கு புல்லட்?" என்பது பின்னூட்டம். நகரில் வளர்ந்த இருவர், 'காலனி' என்பதைக் குடியிருப்பு என்றே புரிந்துகொண்டு, 'இழிவு இல்லை' என முத்திரையிடுகின்றனர். இரும்பைப் பக்கத்திலிருந்து வந்த மூன்றாமவர் 'குழு இழிவு' என்கிறார். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் 'ஊர்', 'காலனி' என்ற பிரிவு எதைக் குறிக்கிறது என்பதை அவர் அறிவார். அச்சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனாலும் கணக்கில் மூன்றாமவரே தோற்கிறார்.

தணிக்கையாளர் இதை வாக்கெடுப்பாகக் கருதக் கூடாது. முந்தைய முத்திரைகளைப் பாராமல் முதலில் தாமே முத்திரையிட்டு, பிறகுதான் ஒப்பிட வேண்டும். எழுத்து நெறிமுறையின் 4ஆம் விதி, "சாதிப் பெயர் இல்லாவிடினும், அதைச் சுட்டும் சொல்லால் ஒரு குழுவைத் தாழ்த்தினால் குழு இழிவு" என்று கூறுவதாகக் கொள்வோம். அப்போது அந்த இருவருக்கும் செல்லும் குறிப்பு இப்படி அமையும்: "விதி 4 மீறல். சுட்டும் சொல்: காலனி. தாழ்த்தும் பகுதி: எதுக்கு புல்லட். சரியான முத்திரை: குழு இழிவு."

இதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்தும். "எங்க காலனிக்கு மூணு நாளா தண்ணி வரல" என்பதை அச்சொல்லுக்காகவே ஒருவர் இழிவு என்றால், அதுவும் 4ஆம் விதிப்படி தவறுதான். சுட்டும் சொல் இருக்கிறது, தாழ்த்துதல் இல்லை. அதைக் கவனிக்காவிட்டால் நம் மக்களின் முறையீடே நாளை நீக்கப்படும்.

வன்கொடுமை வழக்கில் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என உட்பிரிவைச் சுட்டாத குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் தடுமாறும். இங்கும் அப்படியே. விதி எண் இல்லாமல் "தவறு" என்று மட்டும் திருப்பினால், முத்திரையிட்டவரால் கற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவராயின், காரணம் அறியாமலே கூலியையும் இழப்பார்.

விதியே இல்லாத இடத்தில் யாரையும் தவறிழைத்தவர் எனக் கூற முடியாது. குறை நெறிமுறையினுடையது. புதிய விதியைத் தேதியிட்டுச் சேர்த்து, முன்பு முத்திரையிட்டவற்றையும் அதன்படி மீண்டும் பார்க்க வேண்டும். கருத்து வேறுபாடு எழுந்தவற்றை மட்டும் தணிக்கை செய்வதும் போதாது. மூவருமே நகரத்தவராயிருந்தால் 'காலனி' பின்னூட்டம் ஒருமனதாகவே தவறாகியிருக்கும். ஆகவே ஒருமித்த முத்திரைகளிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்து, அவ்வட்டார வழக்கை அறிந்தவரிடம் தர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.