மூச்சு வந்துவிட்டது, ஆள் எழவில்லை

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் கென்சிங்டன் என்றொரு பகுதி. போதைப்பொருள் தெருவிலேயே வெளிப்படையாகக் கைமாறும் இடம். அங்கே நடைபாதையில் ஒருவர் சரிந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உதடு நீலம் பாரித்திருக்கிறது. மூச்சு எப்போதோ ஒன்றுதான் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் நாலாக்சோன் ஸ்ப்ரேயை எடுத்து மூக்கில் அடிக்கிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகிறது, உதட்டில் நிறம் திரும்புகிறது. ஆனால் ஆள் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி அடித்தும் பலனில்லை.

முன்பெல்லாம் இந்த ஸ்ப்ரே பட்டதும் பெரும்பாலோர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர் எழாததற்குக் காரணம், வாங்கிய பொட்டலத்தில் ஃபென்டனிலோடு சைலசீனும் கலந்திருந்ததுதான். 2021-ல் அந்த நகரில் சோதித்த ஓபியாய்டு மாதிரிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சைலசீன் இருந்தது.

சைலசீன் நம்மூர் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய மருந்து. காட்டு யானையைப் பிடிக்கப் போடும் மயக்க ஊசியில் கெட்டமினோடு சேர்ப்பதும் இதைத்தான். 1962-ல் பேயர் நிறுவனம் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக இதை உருவாக்கியது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அழுத்தம் தாறுமாறாக இறங்கி, ஆட்கள் மயங்கியதால் கைவிட்டார்கள். தெரு வியாபாரிக்கோ அந்த மயக்கம்தான் வசதி. ஃபென்டனில் போதை சீக்கிரம் தெளிந்துவிடும். மலிவான சைலசீனைச் சேர்த்தால் கிறக்கம் நீளும்.

இரண்டும் உடலில் வேலை செய்யும் இடம் வேறு வேறு. மூளையின் அடித்தண்டில் மூச்சை நடத்தும் நரம்பணுக்களின் மேல் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. ஃபென்டனில் அவற்றில் போய் உட்கார்ந்தால் மூச்சு மந்தமாகி நின்றுபோகும். நாலாக்சோனுக்கு அந்த ஏற்பியின் மேல் பிடிப்பு அதிகம். ஃபென்டனிலைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஏற்பியைத் தூண்டாது. அதனால்தான் மூச்சு திரும்புகிறது.

சைலசீன் இந்த ஏற்பியைத் தேடிப் போவதில்லை. அது பிடிப்பது ஆல்ஃபா-2 என்ற ஏற்பியை. நம்மை விழிப்பாக வைத்திருக்கவும் இதயத்தை முடுக்கவும் நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. ஆல்ஃபா-2 தூண்டப்பட்டால் அந்தச் சுரப்பு குறையும். ஆள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவார், நாடி மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும். நாலாக்சோனை எத்தனை முறை அடித்தாலும் ஆல்ஃபா-2 ஏற்பியில் அதற்கு வேலையே இல்லை.

மாற்று மருந்தே இல்லையா என்றால், விலங்குகளுக்கு இருக்கிறது. மயக்கிய யானையை எழுப்ப யோஹிம்பின் ஊசி போடுவார்கள். அட்டிபமெசோல் என்று இன்னொன்றும் உண்டு. மனிதர்களின் சைலசீன் மயக்கத்துக்கு இவை எதற்கும் அனுமதி இல்லை. மருத்துவமனையில் செய்வதெல்லாம் ஆக்சிஜன் கொடுத்து, மூச்சுப்பாதையைக் காத்து, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, மருந்து உடலிலிருந்து வெளியேறும்வரை காத்திருப்பதுதான். அதற்குப் பல மணி நேரம்கூட ஆகலாம்.

அப்படியானால் நாலாக்சோன் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஆபத்தான கேள்வி. பொட்டலத்தில் சைலசீன் அநேகமாகத் தனியாக இருக்காது. ஆளை உடனே கொல்லக்கூடிய ஃபென்டனில் கூடவே இருக்கும். ஆகவே நாலாக்சோன் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியது கண் திறந்ததா என்பதை அல்ல, மூச்சு வருகிறதா என்பதை. மூச்சு வராவிட்டால் ஐந்து விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, சில நிமிடம் கழித்து அடுத்த டோஸ் தர வேண்டும். மூச்சு சீராக வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எழவில்லையே என்று மேலும் மேலும் அடித்தால், போதைக்குப் பழகிய உடம்பில் வாந்தியும் நடுக்கமும்தான் மிஞ்சும். வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டால் அது தனி ஆபத்து. நாலாக்சோனின் வேலையும் 30 முதல் 90 நிமிடம்தான். அது தீர்ந்தபின் ஃபென்டனில் மறுபடி மூச்சை அழுத்தலாம் என்பதால் ஆளைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

மயக்கம் தெளிந்தாலும் சைலசீன் விட்டுப் போவது புண்களை. ஊசி குத்திய இடத்தில் மட்டுமல்ல, குத்தாத முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும் வரும். ஊதா நிறக் கொப்புளமாகத் தொடங்கி, தோல் கறுத்து, செத்த சதையாகக் கெட்டிப்பட்டுவிடும். ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோலுக்கு ரத்தம் குறைவது ஒரு காரணம் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டவர்களில் சிலருக்குக் கையையோ காலையோ எடுக்க வேண்டியதாயிற்று.

2023-ல் அமெரிக்க அரசு ஃபென்டனில்–சைலசீன் கலவையைப் புதிதாக எழுந்துவரும் அச்சுறுத்தல் என அறிவித்தது. பென்சில்வேனியா மாநிலமும் சைலசீனைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே ஃபிலடெல்ஃபியா தெருக்களில் அதன் இடத்தை மெடெட்டோமிடின் பிடிக்கத் தொடங்கியது. அதுவும் கால்நடை மயக்க மருந்து, அதே ஆல்ஃபா-2 வகை, இன்னும் வீரியமானது. அதன் மயக்கத்தையும் நாலாக்சோன் தெளிவிக்காது.